வாடகைக்கு ஒரு வார அவகாசம் கேட்பது

டில்லியில் வந்து குடியேறும் தமிழர் பலர், காய்கறி வண்டிக்காரரிடமும் ஆட்டோ ஓட்டுநரிடமும் பேரம் பேசுவதற்கு வேண்டிய ஹிந்தியை ஐந்தாறு மாதங்களிலேயே கற்றுக்கொண்டு விடுகிறார்கள். ஆனால் அந்தக் கடைத்தெரு ஹிந்தி ஏவலும் மறுப்பும் மிகுந்த மொழி. ‘இதைக் கொடு’, ‘விலையைக் குறை’, ‘இங்கே நிறுத்து’ என்ற எல்லைக்குள்ளேயே அது நின்றுவிடுகிறது. மாத வாடகை கொடுக்க வேண்டிய தேதி நெருங்குகிறது, கையிலோ பணமில்லை, வீட்டுக்காரர் தகப்பனார் வயதுள்ளவர், அவருக்கோ ஹிந்தியைத் தவிர வேறு பாஷை தெரியாது என்ற சந்தர்ப்பம் வரும்போது, கடைத்தெருவில் சேர்த்த சொற்கள் நம்மைக் கைவிட்டுவிடுகின்றன. அப்பொழுது அகராதியைப் புரட்டித் தமிழ் வாக்கியத்துக்குச் சொல்லுக்குச் சொல் ஹிந்தி வைத்து எழுதியனுப்புவதுதான் பலருடைய வழக்கம். அதனால் விளையும் அனர்த்தத்தை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

முனீர்க்காவில் ஒரு வீட்டின் மாடியறையில் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு இருந்த என் நண்பர் ஒருவர், பழைய உத்தியோகத்தை விட்டுப் புதிய உத்தியோகத்தில் சேர்ந்தார். வாடகை கொடுக்கவேண்டிய நாள் 5-ஆம் தேதி. புதிய அலுவலகத்தில் முதல் சம்பளம் 10-ஆம் தேதிதான் கிடைக்கும் என்று சொல்லிவிட்டார்கள். ‘வாடகைக் கெடுவை ஒரு வாரம் நீட்டித் தாருங்கள்’ என்று கேட்பது அவருடைய உத்தேசம். நீட்டுவதற்கும் அதிகப்படுத்துவதற்கும் ஹிந்தியில் ‘படானா’ என்ற ஒரே வினையே வழங்குகிறது என்று அகராதியில் கண்டு, அதை எடுத்துக்கொண்டு, ‘கிராயா ஏக் ஹஃப்தா படா தீஜியே’ என்று எழுதியனுப்பிவிட்டார். ‘கிராயா’ என்றால் வாடகை. ‘கிராயா படானா’ என்றால் வாடகையை உயர்த்துவது; அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. கீழ் வீட்டில் இருந்த முதியவர் குழம்பிப்போய்ப் படியேறி வந்து, ஒரு வாரத்துக்கு வாடகையை உயர்த்தச் சொல்வது எதற்காக என்று விசாரித்தார். நண்பர் தம் கஷ்டத்தைக் கைஜாடையும் பாதிச் சொற்களுமாக விளக்க நேர்ந்தது. எழுத்தில் கௌரவமாக முடிந்திருக்க வேண்டிய காரியம் இப்படி வாசற்படியில் வந்து நின்றது.

நீட்ட வேண்டியது வாடகையை அன்று, தேதியை. ‘தாரீக் ஆகே படா தீஜியே’, அதாவது தேதியை முன்னோக்கித் தள்ளிக் கொடுங்கள் என்பது சரியான பிரயோகம். நாம் ‘தள்ளிப்போடு’ என்னும் இடத்தில் ஹிந்திக்காரர் ‘முன்னே நகர்த்து’ என்கிறார். ‘படானா’ என்ற சொல்லின் முதலெழுத்தைப் ‘பயம்’ என்ற சொல்லில் வரும் பகரத்தைப்போல் மெலிந்த ஒலியோடு சொல்லவேண்டும். ‘படம்’ என்பதில் உள்ள வல்லொலியோடு சொன்னால் அது ‘கற்பிப்பது’ என்ற வேறொரு வினையாகிவிடும். இத்தனை சிக்கல்கள் ஒரே சொல்லில் இருப்பதால், பழக்கமில்லாதவர் அதைத் தொடாமலே செய்தியை எழுதிவிடலாம் என்பது என் அபிப்பிராயம். கெடுவை நீட்டும்படி கேட்பதற்குப் பதிலாக, இன்ன தேதிக்குள் கொடுக்கலாமா என்று கேட்டால் அந்த வினைக்கே வேலையில்லை.

இதே வகையில் ஆபத்தான இன்னொரு சொல் ‘மாஃப்’. மன்னியுங்கள் என்பதற்கு ‘மாஃப் கீஜியே’ என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் மன்னிக்கப்படும் பொருளாக வாடகையை வைத்து, ‘கிராயா மாஃப் கீஜியே’ என்று எழுதினால், வாடகையே வேண்டாமென்று தள்ளுபடி செய்யுங்கள் என்பதுதான் அர்த்தம். விவசாயிகளின் கடன் தள்ளுபடியை ஹிந்திப் பத்திரிகைகள் ‘கர்ஜ் மாஃபீ’ என்றுதான் எழுதுகின்றன; ஆகையால் இந்தச் சொல் பணத்தோடு சேர்ந்து வரும்போது வீட்டுக்காரர் மனத்தில் முதலில் எழுவது தள்ளுபடி என்ற எண்ணமே. மன்னிப்புக் கேட்பதானால் அவருக்கு நேரும் சிரமத்துக்காகக் கேட்கவேண்டும். சிரமம் என்பதற்குத் ‘தக்லீஃப்’ என்ற சொல் உண்டு.

அடுத்தபடி தேதியைப் பற்றிய விஷயம். தமிழில் நேற்று வேறு, நாளை வேறு. ஹிந்தியிலோ இரண்டுக்கும் ‘கல்’ என்ற ஒரே சொல். முந்தாநாளுக்கும் நாளன்றைக்கும் ‘பர்ஸோன்’ என்ற ஒரே சொல். வாக்கியத்தின் வினைதான் காலத்தைத் தெளிவாக்கும். அந்த வினையிலேயே தடுமாறுகிறவர் ‘கல்’ என்று எழுதினால், பணம் நேற்றே அனுப்பியாகிவிட்டது என்றும் வாசிக்க இடமுண்டாகும். ‘அக்லே ஹஃப்தே’, அதாவது அடுத்த வாரம் என்பதும் தெளிவற்றது. திங்கட்கிழமையா, சனிக்கிழமையா என்பது அதில் இல்லை. தேதியை எண்ணால் எழுதிவிட்டால் இந்தத் தொல்லைகள் எழுவதற்கில்லை. டெலிபோனில் பேசும்போது ‘பாரஹ்’ என்பது 12, ‘பாயீஸ்’ என்பது 22 என்று காது பிரித்தறியத் தடுமாறுகிறவர்களுக்கு எழுத்துச் செய்தியைவிடத் துணையானது வேறில்லை.

எண்ணை எழுதிய பிறகு அதனோடு சேரும் சிறு சொல்லிலும் சிரத்தை வேண்டும். ‘12 தாரீக் கோ’ என்றால் 12-ஆம் தேதியன்று. ‘12 தாரீக் தக்’ என்றால் 12-ஆம் தேதிக்குள். ‘12 தாரீக் கே பாத்’ என்றால் 12-ஆம் தேதிக்குப் பிறகு, எப்பொழுது வேண்டுமானாலும். கடைசியாகச் சொன்னதை ஒருபோதும் எழுதக்கூடாது. அதில் எல்லை இல்லை, எல்லையில்லாத அவகாசத்தை யாரும் கொடுக்கமாட்டார்கள். ‘தக்’ என்பதே நமக்கு உரியது. முந்தியே பணம் கிடைத்தால் முந்தியே கொடுத்துவிடலாம் என்ற சௌகரியம் அதில் அடங்கியிருக்கிறது.

எந்தத் தேதியைக் கேட்பது என்பதைக் காலண்டரைப் பார்த்தே நிர்ணயிக்கவேண்டும். என் நண்பருக்குச் சம்பளம் 10-ஆம் தேதி. அதே தேதியைக் கெடுவாகக் கேட்டால், சம்பளம் சாயங்காலம் வந்தாலும், வங்கியின் சர்வர் ஓய்ந்துகிடந்தாலும் சொன்ன சொல் தவறிவிடும். 5-ஆம் தேதியிலிருந்து ஒரு வாரம் என்பது 12-ஆம் தேதி. இரண்டு நாள் கைவசம் இருக்கும். ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வங்கிகளுக்கு விடுமுறை; அது எப்போதும் 8-ஆம் தேதிக்கும் 14-ஆம் தேதிக்கும் இடையில்தான் விழும். 10-ஆம் தேதியே அந்தச் சனிக்கிழமையாக அமைந்துவிட்டால், வெள்ளிக்கிழமையே சம்பளம் போட்டுவிடும் அலுவலகங்களும் உண்டு, 12-ஆம் தேதியாகிய திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடும் அலுவலகங்களும் உண்டு. நம் அலுவலகம் எப்படிப்பட்டது என்று கணக்குப் பிரிவில் முன்கூட்டியே கேட்டறிந்து, ஐயமிருந்தால் 13 என்றே எழுதுவது நலம். ஒருமுறை அவகாசம் கேட்டவர் மறுபடியும் ஒருநாள் கேட்பது, முதலிலேயே ஒருநாள் சேர்த்துக் கேட்பதைக் காட்டிலும் மிகவும் தாழ்வானது.

இனி மரியாதை. ஹிந்தியில் முன்னிலைக்குத் ‘தூ’, ‘தும்’, ‘ஆப்’ என்று மூன்று படிகள் உண்டு. வீட்டுக்காரருக்கு உரியது ‘ஆப்’ ஒன்றே. இதை அறிந்தவர்களும் வழுக்கி விழும் இடம் வினை. ‘கொடு’ என்பதும் ‘கொடுங்கள்’ என்பதும் நமக்கு எவ்வளவு வேறோ, அவ்வளவு வேறு ‘தோ’ என்பதும் ‘தீஜியே’ என்பதும். கடைத்தெருவில் ‘தோ’, ‘கரோ’ என்று பழகிய விரல்கள் அதையே எழுதிவிடும். ‘ஆப்’ என்று முன்னால் எழுதிவிட்டதால் மட்டும் அந்தக் குறை தீராது. ‘கீஜியே’, ‘தீஜியே’ என்பவை மரியாதை. ‘கீஜியேகா’, ‘தீஜியேகா’ என்பவை அதனினும் ஒருபடி மென்மையானவை.

‘தயவுசெய்து’ என்பதற்குக் ‘க்ருபயா’ என்ற சொல்லைத் தேடிப்பிடித்து வைப்பவர்கள் உண்டு. ரயில் நிலையத்தில் ‘யாத்ரீகண் க்ருபயா த்யான் தேன்’ என்று ஒலிபெருக்கி அறிவிக்கும்போது நாம் கேட்கிறோமே, அதுவே அந்தச் சொல்லின் இயல்பான இடம். ஒரே வீட்டில் மாடியும் கீழுமாக வாழ்கிறவர்களுக்கிடையே அது அறிவிப்புப் பலகையின் வறட்சியைக் கொண்டுவந்துவிடும். விநயத்தை வினையே சுமக்கட்டும். விளிப்பதற்கு, எழுதுகிறவர் இளைஞராக இருந்தால் ‘அங்கிள் ஜி’ என்பதும், வாடகை வாங்குகிறவர் அந்த வீட்டு அம்மாளாக இருந்தால் ‘ஆன்ட்டி ஜி’ என்பதும், நம் வயதை ஒத்தவரானால் ‘பாயி ஸாஹப்’ என்பதும் டில்லியில் இயல்பானவை. அவர் பதிலுக்குத் ‘தும்’ என்றும் ‘பேடா’ என்றும் எழுதினால் அதை அவமதிப்பாகக் கொள்ளவேண்டாம். மகனே என்று அழைக்கும் வாஞ்சை அது. ஆனால் அதைக் கண்டு நாமும் ‘தும்’ என்று இறங்கிவிடலாகாது.

தமிழருக்கு மனத்தில் பதியாத ஒரு சங்கதி மீதமிருக்கிறது. ‘நான் கொடுப்பேன்’ என்று தமிழில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். ஹிந்தியில் தன்மை வினையும் ஆண்பால் பெண்பால் காட்டும்: ஆண் ‘தூங்கா’ என்பார், பெண் ‘தூங்கீ’ என்பார். உடன் வேலை செய்யும் ஆண் நண்பர் எழுதிக்கொடுத்ததை அப்படியே அனுப்பிய பெண்ணின் செய்தி, வீட்டுக்காரருக்கு வேறொருவர் எழுதியதாகவே தோன்றும். சொந்த வார்த்தை இல்லாத கோரிக்கைக்குப் பாதி பலம்தான் இருக்கும்.

இத்தனையும் மனத்தில் கொண்டு, என் நண்பரின் காரியத்துக்கு நான் அமைத்துக் கொடுத்த செய்தி இது. தேவநாகரி தெரிந்தவர் அதிலேயே எழுதலாம். தெரியாதவர் ஒலிக்கேற்ப ஆங்கில எழுத்துகளில் எழுதினாலும் குறைவில்லை, வடநாட்டார் தமக்குள்ளேயே அப்படி எழுதிக்கொள்வது இன்று சர்வ சாதாரணம்.

“நமஸ்தே அங்கிள் ஜி. நயீ நௌகரீ கீ பஹலீ தங்க்வாஹ் 10 தாரீக் கோ ஆயேகீ. அகர் ஆப்கோ திக்கத் ந ஹோ, தோ க்யா மைன் இஸ் மஹீனே கா கிராயா 5 கீ ஜகஹ் 12 தாரீக் தக் தே ஸக்தா ஹூன்? ஸிர்ஃப் இஸ் மஹீனே கீ பாத் ஹை, அக்லே மஹீனே ஸே 5 தாரீக் கோ ஹீ தூங்கா. பிஜ்லீ கே பைஸே ஆஜ் ஹீ பேஜ் ரஹா ஹூன். ஆப்கோ ஜோ தக்லீஃப் ஹோகீ, உஸ்கே லியே மாஃப் கீஜியேகா.”

‘வணக்கம். புதிய வேலையின் முதல் சம்பளம் 10-ஆம் தேதி வரும். தங்களுக்குச் சிரமமில்லையென்றால், இந்த மாத வாடகையை 5-க்குப் பதிலாக 12-ஆம் தேதிக்குள் கொடுக்கலாமா? இந்த ஒரு மாதம் மட்டுமே. அடுத்த மாதம் முதல் 5-ஆம் தேதியே கொடுத்துவிடுவேன். மின்சாரத்துக்கான பணத்தை இன்றே அனுப்புகிறேன். தங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு மன்னியுங்கள்’ என்பது இதன் பொருள். பெண்கள் ‘ஸக்தா’ என்பதை ‘ஸக்தீ’ என்றும், ‘தூங்கா’ என்பதைத் ‘தூங்கீ’ என்றும், ‘ரஹா’ என்பதை ‘ரஹீ’ என்றும் மாற்றிக்கொண்டால் போதும். வேறெங்கும் மாற்றம் வேண்டாம்.

இதில் ‘ஸிர்ஃப் இஸ் மஹீனே கீ பாத் ஹை’ என்ற சிறு வாக்கியத்தை அலங்காரமென்று நினைத்து விட்டுவிடக்கூடாது. ஒரு வாரம் தாமதிப்பதைவிட, இதுவே இனி வழக்கமாகிவிடுமோ என்பதுதான் வீட்டுக்காரரின் அச்சம். புதிய அலுவலகத்தில் மாதந்தோறும் 10-ஆம் தேதியே சம்பளம் என்றால், இந்த வாக்கியத்தை எழுதுவது பொய்யாகும். அப்பொழுது வாடகைத் தேதியையே நிரந்தரமாக மாற்றித் தரும்படி நேரில் உட்கார்ந்து பேசவேண்டும். மின்சாரப் பணத்தைப் பற்றிய வாக்கியமும் அப்படியே. டில்லியில் பல வீடுகளில் குடித்தனக்காரருக்குத் தனியே சப்மீட்டர் வைத்து, மின்சாரக் கட்டணத்தை வாடகையோடு சேர்த்து வாங்குகிறார்கள். அந்தச் சிறு தொகையையாவது அன்றே அனுப்பிவிட்டால், கொடுக்க மனமில்லாதவர் அல்லர் என்பது எவ்வளவு எழுதினாலும் விளங்காத அளவுக்குத் தெளிவாக விளங்கும். காரணமும் ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். வீட்டுக் கஷ்டங்களை வரிசையாக எழுதினால், கஷ்டம் ஒரு வாரத்தில் தீராது என்ற எண்ணமே அவருக்கு உண்டாகும்.

அனுப்பவேண்டிய நாள் 2-ஆம் தேதி அல்லது 3-ஆம் தேதி, பகல் வேளை. 5-ஆம் தேதி இரவில் அனுப்புவது, அவகாசம் கேட்பதாகாமல், தவறிவிட்டதைத் தெரிவிப்பதாகிவிடும். அதற்கு முன்பு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை வாசிப்பது அவசியம். பதினொரு மாதத்துக்கென்று எழுதப்படும் அந்தப் பத்திரத்தில், கெடு தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று அபராதம் குறித்திருக்கலாம். சில நாள் சலுகை கொடுத்திருக்கவும் கூடும். சலுகை இருந்தால் கேட்கவேண்டியது குறையும். அபராதம் இருந்தால், அவர் ‘சரி’ என்று எழுத்தில் சொன்ன பதிலைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.

பதிலை வாசிப்பது, கேள்வியை எழுதுவதைப்போலவே நிதானம் வேண்டிய காரியம். ‘டீக் ஹை’ என்றோ ‘கோயீ பாத் நஹீன்’ என்றோ வந்தால் சம்மதம். ‘தேக்தே ஹைன்’ என்று வந்தால், பார்க்கலாம் என்று பொருள். தமிழில் நாம் பார்க்கலாம் என்னும்போது எவ்வளவு சம்மதம் அதில் உண்டோ அவ்வளவுதான் அங்கும் உண்டு. அதைச் சம்மதமாகக் கொண்டு, 12-ஆம் தேதிவரை கவலையில்லை என்று மௌனமாக இருந்து, 6-ஆம் தேதி காலையில் கதவு தட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ‘பாத் கர்தே ஹைன்’ என்பது, பேசிக்கொள்வோம் என்பது. அவர் அழைக்கட்டும் என்று காத்திராமல் அன்று மாலையே கீழே இறங்கிப் போய்ப் பேசவேண்டும். ‘டைம் பர் தே தேனா’ என்றால் உரிய காலத்தில் கொடுத்துவிடு என்று பொருள்; எந்தக் காலம், 5-ஆ 12-ஆ என்பது அதில் இல்லையாதலால், ‘12 தாரீக் தக், டீக் ஹை ந அங்கிள் ஜி?’ என்று ஒருவரி எழுதித் தெளிவாக்கிக்கொள்ளவேண்டும். செய்தியைப் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் கோடுகள் தெரிந்தும் பதில் வரவில்லையானால், அந்த மௌனத்தைச் சம்மதமென்று எண்ணவே கூடாது. மறுநாள் காலை டெலிபோன் செய்யவேண்டும்.

அவர் மறுத்துவிட்டால், கையிலுள்ளது எவ்வளவோ அதை 5-ஆம் தேதியே கொடுக்கலாம். ‘3,000 ருபயே அபீ, பாக்கீ 12 தாரீக் தக்’ என்றால், 3,000 ரூபாய் இப்பொழுது, மீதி 12-ஆம் தேதிக்குள் என்று பொருள். ‘பாக்கீ’ நம்முடைய ‘பாக்கி’யேதான். ஒன்பதாயிரத்தில் மூவாயிரம் என்பது மூன்றில் ஒரு பங்கு; முழுதும் மறுத்தவர்கள் இதற்கு இசைவது சாதாரணமாக நடக்கிறது.

டெலிபோனிலோ நேரிலோ அவர் சம்மதித்தாரென்றால், உடனே அதை எழுத்தில் ஆக்கிவிடவேண்டும்: ‘ஜைஸீ ஃபோன் பர் பாத் ஹுயீ, மைன் 12 தாரீக் தக் கிராயா தே தூங்கா. தன்யவாத்.’ பேசியபடியே 12-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுகிறேன், நன்றி என்பது இதன் பொருள். நேரில் பேசியதானால் ‘ஃபோன் பர்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் விட்டுவிடலாம். இரண்டு பேருடைய கையிலும் ஒரே தேதி எழுத்தில் இருக்கும்போது ஞாபகப்பிசகுக்கு இடமில்லை.

பணம் வந்த நாளில், 12-ஆம் தேதி இரவுக்காகக் காத்திராமல், வந்தவுடனே அனுப்பிவிட்டு, ‘அங்கிள் ஜி, கிராயா பேஜ் தியா ஹை, தேக் லீஜியேகா’ என்று தெரிவிக்கவேண்டும். வாடகை அனுப்பிவிட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள் என்பது பொருள். இங்கே வினை வாடகையோடு ஒத்து நிற்பதால் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வாக்கியமே. யூபிஐ மூலம் அனுப்பியவர்கள், பரிவர்த்தனைக்கு வரும் 12 இலக்க எண் தெரியும்படியாக ஸ்கிரீன்ஷாட் ஒன்றையும் சேர்த்து அனுப்பினால், வங்கியில் தாமதம் நேர்ந்தாலும் வாக்குவாதம் நேராது.

என் நண்பர் இரண்டாவது முறை இந்தச் செய்தியை அனுப்பி, ‘டீக் ஹை பேடா’ என்ற பதிலைப் பெற்று, 11-ஆம் தேதி வாடகையைச் செலுத்தினார். நீங்களும் இவ்வாறு அவகாசம் பெற்றால், அடுத்த மாத வாடகையை 4-ஆம் தேதியே அனுப்பிவிடுங்கள்.